ஊறுகாய்ப் போத்தலும் ஐந்து விநாடி ஆவியும்

சுங்கை சிப்புட்டில் எங்களுக்குச் சின்ன அச்சுக்கடை. திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், கடைப்பலகை, இப்படித்தான் வேலை. அண்ணி வீட்டில் மாங்காய் ஊறுகாய் போடுகிறார். அவருடைய மாமியார், அதாவது எங்கள் அம்மா, தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் போட்ட அதே பக்குவம். போத்தல் 250 கிராம். லேபிளை நான்தான் வடிவமைத்து அச்சடித்துக் கொடுத்தேன். தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு நாள் கடைக்கு வந்தார்.

"தம்பி, எல்லாரும் போடுற மாதிரி நம்ம போத்தலும் அசையுற வீடியோ ஒண்ணு வேணும். படம் ஒண்ணுதான் இருக்கு. முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் எடுத்தது. அந்த மூன்று வாரத்தில் பெரும்பகுதியைத் தின்றது ஒரே விஷயம்தான்: லேபிளில் உள்ள எழுத்து. அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

படம் இது. ஜன்னலோரத்து மரமேசை. நடுவில் கண்ணாடிப் போத்தல், பின்னால் இடதுபக்கம் வாழையிலையில் சுடுசோறு, வலதுபக்கம் ஒரு கொத்து கருவேப்பிலை. கைப்பேசியில் எடுத்த படம்தான் என்றாலும் முக்காலியில் வைத்து நிதானமாக எடுத்தது. லேபிளில் பெரிதாக 'மாங்காய் ஊறுகாய்'. அதன் கீழே மலாய் மொழியில் பொருளின் பெயர், சேர்மானப் பொருள்கள், நிகர எடை, காலாவதித் தேதி. நம் நாட்டு உணவு லேபிளில் மலாய் இருந்தே ஆகவேண்டும் என்பதால் சின்ன எழுத்து நிறைய.

முதலில், படத்தைச் செயற்கை நுண்ணறிவால் வீடியோவாக்கித் தரும், பணம் கட்டிப் பயன்படுத்தும் ஓர் இணையதளத்தில் படத்தை ஏற்றினேன். கேமரா போத்தலைச் சுற்றி வருவது போன்ற அசைவைத் தேர்ந்தெடுத்தேன். வந்ததைப் பார்த்ததும் பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் கேமரா பக்கவாட்டில் போகப் போக, லேபிளின் மறுபக்கத்தில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள் வரிசை வரிசையாக வந்தன. காரணம் எளியது. கருவியிடம் இருப்பது முன்பக்கப் படம் ஒன்றே. போத்தலின் பின்பக்கத்தை அது பார்த்ததில்லை, ஆகவே தானாக ஒன்றை வரைந்துவிடுகிறது. விற்கும் பொருளுக்கு இது ஒத்துவராது. கேமரா சுற்றுவது, பக்கவாட்டில் நகர்வது இரண்டையும் அன்றே விட்டுவிட்டேன்.

அதன்பிறகு கடைக் கணினியிலேயே செய்யலாம் என்று முடிவெடுத்தேன். எத்தனை முறை ஓட்டினாலும் தனியாகக் காசு இல்லை, எந்த அமைப்பை மாற்றினால் என்ன ஆகிறது என்று கண்ணால் பார்க்கலாம். 12 ஜிபி நினைவகமுள்ள பழைய 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம். அதில் இந்த மாடல்களை ஓட்டும் மென்பொருளான ComfyUI. வீடியோவை உருவாக்கும் மாடல், அலிபாபா 2025 ஜூலையில் வெளியிட்ட Wan 2.2 வரிசையில் சிறியது, 5B. இதே வரிசையில் 14B பெரியது. எழுத்தை இதைவிட நன்றாகப் பிடிக்கும், ஆனால் என் கார்டு அதோடு மூச்சு முட்டும். 5B விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 121 ஃபிரேம், அதாவது ஐந்து விநாடி தரும். என் கணினியில் ஒரு கிளிப்புக்கு அரை மணி நேரத்துக்குக் கிட்ட ஆனது. அதனால் சோதனைக்கு 49 ஃபிரேம் மட்டும் ஓட்டிப் பார்த்தேன், பிடித்தால் மட்டும் முழுநீளம். இந்த எண்ணிக்கை நாலின் மடங்கோடு ஒன்று கூட்டியதாக இருக்க வேண்டும்: 49, 81, 121. ஒவ்வொரு முறையும் தற்செயலைத் தீர்மானிக்கும் ஸீட் எண்ணையும் மாற்றாமல் பூட்டி வைத்தேன். அது மாறிக்கொண்டே இருந்தால் நான் மாற்றிய சொல்லால் படம் மாறியதா, தற்செயலாக மாறியதா என்று தெரியாது.

முதல் முழு கிளிப்பை அண்ணியிடம் காட்டினேன். சோற்றில் ஆவி பறந்தது, கருவேப்பிலை லேசாக ஆடியது. அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"தம்பி, இங்க பாருங்க. 280ன்னு போட்டிருக்கு."

நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதல் ஃபிரேமில் 250. நடுவில் ஐந்தின் மேல்வளைவு மூடிக்கொண்டு எட்டாகிவிட்டது. கடைசி ஃபிரேமில் அது எண்ணே இல்லை, மூன்று கறுப்புப் புள்ளி. பெரிய எழுத்தும் தப்பவில்லை. 'மாங்காய்' என்பதில் ங் மேலுள்ள புள்ளி போய், ய் மேலுள்ள புள்ளியும் போய், 'மாஙகாய' என்று நின்றது.

எடை மாறியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம் பொருளின் அளவைப் பற்றிய பொய்யான விவரத்தைத் தடுக்கிறது, விளம்பரமும் அதில் அடக்கம். கருவி செய்த தவறு என்று வாங்குபவரிடம் சொல்ல முடியாது. வீடியோவைப் போடுபவர் அண்ணி.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலைந்து நாள் ஆனது. புரிந்தபிறகு மற்றதெல்லாம் எளிதாகிவிட்டது. இந்த மாடல் படத்தைப் புள்ளி புள்ளியாகக் கையாள்வதில்லை. முதலில் படத்தைச் சுருக்குகிறது. 5B மாடலில் நீளத்துக்கு 16, அகலத்துக்கு 16 என்று சுருங்குகிறது. அதன்மேல் இரண்டிரண்டாகக் கட்டித்தான் மாடல் யோசிக்கிறது. ஆக, அதன் கணக்கில் மிகச் சிறிய துண்டு என்பது நம் படத்தில் 32க்கு 32 பிக்சல் கட்டம். நேரத்திலும் அப்படியே: முதல் ஃபிரேம் தனி, அதன்பின் நாலு நாலு ஃபிரேமாகச் சுருட்டி வைத்துக்கொள்கிறது. நாலோடு ஒன்று கூட்டும் கணக்கு வருவது இதனால்தான்.

இப்போது நம் லேபிளை அந்தக் கட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாடலுக்குக் கொடுத்த படத்தில் அளந்தேன். 'மாங்காய்' என்ற எழுத்தின் உயரம் 46 பிக்சல், ஒன்றரைக் கட்டம்தான். ங் மேலுள்ள புள்ளி 4 பிக்சல். எடை எழுதிய வரியின் உயரம் 11 பிக்சல், அதுபோல இரண்டு வரி ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டத்துக்குள் 'ஏதோ கறுப்பாக எழுத்து மாதிரி இருக்கிறது' என்பது மாடலுக்குத் தெரிகிறது. அது 5 என்பதை 121 ஃபிரேமுக்கும் நினைவில் வைக்க இடமில்லை. நான் அச்சுக்கடைக்காரன், இதை என் தொழில் கணக்கில் சொன்னால், ஓட்டை பெரிய வலையில் சின்ன எழுத்தை ஸ்கிரீன் பிரிண்ட் அடிப்பது போன்றது. மையை எவ்வளவு திருத்தினாலும் வராது.

அதனால்தான் 'எழுத்தை மாற்றாதே', 'லேபிள் தெளிவாக இருக்கட்டும்' என்று எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தும் பயனில்லை. சொல்லால் சரியாகும் குறை அல்ல இது.

வழி ஒன்றுதான் தெரிந்தது. மாடலிடம் போத்தலைச் சுற்றியுள்ளதை மட்டும் அசைக்கச் சொல்வது, பிறகு அசல் படத்திலிருந்து லேபிளை வெட்டி எடுத்து கிளிப்பின்மேல் அதே இடத்தில் ஒட்டுவது. ஒட்டிய லேபிள் பொருந்த வேண்டுமானால் போத்தல் ஐந்து விநாடியும் ஒரு மயிரிழைகூட நகரக்கூடாது. இங்கேதான் அடுத்த சிக்கல்.

போத்தல் நகர்ந்தது. கேமரா அசையாமல் இருக்கட்டும் என்று தெளிவாக எழுதியும், கிளிப் முழுக்க மிக மெதுவாகக் கேமரா உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சும்மா பார்த்தால் தெரியாது. முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் தனியே எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். எடுப்பதற்கு ffmpeg என்ற கட்டளைவழிக் கருவி போதும்:

```
ffmpeg -i klip.mp4 -vf "select='eq(n,0)+eq(n,120)'" -fps_mode passthrough f%d.png
```

எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் 121ஆவது ஃபிரேம் 120 ஆகிறது. இரண்டு படத்தையும் ஒரே அளவில் திறந்து, அம்புக்குறிப் பொத்தானால் முன்னும் பின்னும் போங்கள். கண்ணைப் போத்தல் மூடியின் விளிம்பில் வையுங்கள். விளிம்பு துள்ளினால் கேமரா நகர்ந்திருக்கிறது. எனக்கு ஒன்பது பிக்சல் துள்ளியது.

ஒரு வாரம் இதிலேயே போனது. விடை கிடைத்தது பக்கத்துக் கடையில். அஞ்சடியில் எங்களுக்கு அடுத்த கடை கைப்பேசி பழுதுபார்க்கும் சீனத் தம்பியுடையது. தேநீர் குடிக்க வந்தவன் என் திரையை எட்டிப் பார்த்தான். ComfyUI தரும் மாதிரி அமைப்பில் 'வேண்டாதவை' என்று ஒரு பெட்டி உண்டு, அதில் நீளமாகச் சீன எழுத்து ஏற்கெனவே நிரப்பியிருக்கும். எல்லாரையும் போல நானும் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். அவன் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்து நின்றான்.

"பாங், நீங்க அசையக்கூடாதுன்னு சொல்றீங்க. இதுல அசையாம இருக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கே," என்றான் மலாயில்.

அவன் விரல் வைத்த சொற்கள் இவை:

```
静态
静止
静止不动的画面
```

முதல் இரண்டும் நிலையானது, அசைவற்றது என்ற பொருள். மூன்றாவது, அசையாமல் நிற்கும் காட்சி. மனிதர் நடப்பது, ஓடுவது போன்ற வீடியோவுக்கு இது சரியான அமைப்பு. இல்லாவிட்டால் படம் உயிரில்லாமல் நின்றுவிடும். ஆனால் எனக்கு வேண்டியதே அசையாத போத்தல். மேலே ஒரு பெட்டியில் நான் நிற்கச் சொல்ல, கீழே இன்னொரு பெட்டி நிற்காதே என்று தள்ளிக்கொண்டிருந்தது. மூன்று சொல்லையும் எடுத்தேன், மற்றவற்றை அப்படியே விட்டேன். அதே ஸீட்டில் மறுபடி ஓட்டினேன். ஒன்பது பிக்சல் துள்ளல் ஒரு பிக்சலுக்கும் கீழே வந்தது. அந்த வார இறுதியில் அண்ணி அவனுக்கு இரண்டு போத்தல் ஊறுகாய் கொடுத்தார்.

மேல்பெட்டியிலும் ஒரு திருத்தம் செய்தேன். தொடக்கத்தில் படத்தில் உள்ளதையெல்லாம் விவரித்துக் கொண்டிருந்தேன்: மரமேசை, கண்ணாடிப் போத்தல், பச்சை இலை, சிவப்பு எண்ணெய். படம் அதையெல்லாம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. எழுத வேண்டியது எது அசைகிறது, எப்படி அசைகிறது என்பது மட்டும்தான். கடைசியில் நின்றது இவ்வளவே (இந்த மாடலுக்கு ஆங்கிலமும் சீனமும்தான் நன்றாகப் பிடிபடும்):

```
Static locked-off shot. Thin white steam rises slowly
from the rice behind the jar. The jar stays still.
```

'கேமராவை அசைக்காதே' என்ற மாதிரி எதிர்மறையாக எழுதிய ஒவ்வொரு முறையும் எனக்கு மோசமாகத்தான் வந்தது. என்ன வேண்டுமோ அதைச் சொல்வதே சரி.

எதை அசைக்கச் சொல்வது என்பதிலும் ஒரு தடவை தவறினேன். முதலில் எனக்குப் பிடித்த யோசனை, ஜன்னலுக்கு வெளியே உள்ள மரத்தின் நிழல் மேசைமேல் மெல்ல ஆடுவது. கிளிப் அழகாக வந்தது. லேபிளை ஒட்டியதும் கெட்டது. நிழல் போத்தலைக் கடக்கும்போது கண்ணாடி இருள்கிறது, மூடி இருள்கிறது, லேபிள் மட்டும் பளிச்சென்று நிற்கிறது. மேலே ஒட்டிய காகிதம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே லேபிளின்மேல் படும் வெளிச்சத்தை மாற்றாத அசைவுதான் இந்த முறைக்கு ஒத்துவரும். ஆவி போத்தலுக்குப் பின்னால் எழுவதால் தப்பித்தது. சோறு முன்னால் இருந்திருந்தால் ஆவி லேபிளைக் கடக்கும், அதுவும் கெட்டிருக்கும்.

ஊறுகாயிலிருந்தே ஆவி வருவது போல ஒரு கிளிப் வந்தது, இன்னொன்றில் மூடி தானாகத் திறந்து மாங்காய்த் துண்டுகள் மேலெழுந்தன. அந்தத் துண்டுகள் அண்ணி வெட்டுகிற மாதிரி இல்லை. இரண்டையும் அழித்தேன். சுடுசோற்றில் ஆவி வருவது உண்மை, அவர் ஊறுகாய் அப்படி இருப்பது உண்மை இல்லை.

இனி ஒட்டும் வேலை. இதில் அளவுதான் எல்லாம். மாடலுக்குக் கொடுக்க வேண்டிய செங்குத்துப் படத்தின் அளவு 704க்கு 1280. 720 இல்லையா என்று கேட்பீர்கள். 720, 32ஆல் சரியாக வகுபடாது, 704 வகுபடும். அதே கட்டக் கணக்கு. படத்தை வேறு அளவில் கொடுத்தால் கருவி தானே நடுவைப் பிடித்து ஓரத்தை வெட்டிவிடும். பிறகு லேபிள் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடவேண்டியதுதான்.

நான் செய்தது: அசல் படத்தை GIMP என்ற படத்திருத்த மென்பொருளில் 1080க்கு 1964 என்று வெட்டி ஒரு பிரதி. இது 704க்கு 1280 இன் அதே விகிதம். இந்தப் பிரதியைச் சுருக்கி மாடலுக்குக் கொடுத்தேன். பெரிய பிரதியைத் தனியே வைத்துக்கொண்டு, அதில் லேபிளை மட்டும் சுற்றித் தேர்ந்தெடுத்து, ஓரத்தை 8 பிக்சல் மென்மையாக்கி, மற்றதையெல்லாம் அழித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாகச் சேமித்தேன். படத்தின் அளவு அப்படியே 1080க்கு 1964 இருக்க வேண்டும், லேபிள் மட்டும் தன் இடத்தில் இருக்கும். அப்படி இருந்தால் ஒட்டும்போது இடம் கணக்கிட வேண்டியதே இல்லை.

முழுப் போத்தலையும் வெட்டி ஒட்டத்தான் முதலில் நினைத்தேன். கிளிப் ஓட ஓட மாடலின் நிறம் மெதுவாக மாறுகிறது, கடைசி ஒரு விநாடியில் மேசை கொஞ்சம் அதிகச் சிவப்பாகும். முழுப் போத்தலை ஒட்டினால் கண்ணாடியின் நீண்ட விளிம்பு முழுக்க அந்த வேறுபாடு கோடாகத் தெரிகிறது. லேபிள் வெள்ளைக் காகிதம், நாலு பக்கமும் அதற்கே உரிய ஓரம் இருக்கிறது. அங்கே கண் அதைப் பொறுத்துக்கொள்கிறது.

கடைசிக் கட்டளை:

```
ffmpeg -i klip.mp4 -i label.png -filter_complex \
"[0:v]scale=1080:1964:flags=lanczos[v];[v][1:v]overlay=0:0,crop=1080:1920" \
-c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p siap.mp4
```

முதலில் கிளிப்பைப் பெரிதாக்குகிறது, பிறகு லேபிளை வைக்கிறது, பிறகு மேலும் கீழும் 22 பிக்சல் வெட்டி டிக்டாக்குக்கான 1080க்கு 1920 ஆக்குகிறது. இந்த வரிசை முக்கியம். சிறிய கிளிப்பில் லேபிளை ஒட்டிவிட்டுப் பெரிதாக்கினால் சின்ன எழுத்து மறுபடி மங்கும். பெரிதாக்கியபின் ஒட்டினால் எடை, தேதி எல்லாம் அசல் படத்தில் இருந்த கூர்மையோடு நிற்கும். அந்தக் கூர்மை மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடத் தெரிந்தது. GIMP-இல் லேபிளை அரைப் பிக்சல் அளவு மங்கலாக்கியதும் சேர்ந்துவிட்டது.

ஐந்து விநாடி போதாதென்று கிளிப்பை முன்னும் பின்னுமாக ஓட்டிப் பத்து விநாடி ஆக்கிப் பார்த்தேன். திரும்பும்போது ஆவி மேலிருந்து இறங்கிச் சோற்றுக்குள் போகிறது. இலை ஆடுவதற்கு அந்த முறை சரி, ஆவிக்கு ஆகாது. ஐந்து விநாடியாகவே விட்டேன்.

அனுப்புவதற்கு முன் அண்ணியும் நானும் ஒரு சோதனை செய்தோம். கிளிப்பைப் பத்து இடத்தில் நிறுத்தினோம். ஒவ்வொரு இடத்திலும் கையில் இருந்த உண்மைப் போத்தலைப் பார்த்து அவர் லேபிளை வாய்விட்டுப் படித்தார், நான் திரையைப் பார்த்தேன். மாங்காய் ஊறுகாய், 250 கிராம், தேதி. பத்து இடத்திலும் ஒத்துப்போனது. பதிவேற்றும்போது செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியது என்ற குறியையும் போட்டுவிட்டோம், டிக்டாக் அதைக் கேட்கிறது.

எலுமிச்சை ஊறுகாய்க்கு இந்த முறை வேறு மாதிரி ஆனது. அந்தப் படத்தில் அண்ணி போத்தலைக் கையில் பிடித்திருக்கிறார். எவ்வளவு நிற்கச் சொன்னாலும் கை என்றால் மாடல் அசைத்துவிடுகிறது, லேபிள் அதோடு சாய்கிறது, ஒட்டவே முடியவில்லை. அதற்குப் புதிதாக மேசைமேல் வைத்து ஒரு படம் எடுத்தோம்.

அந்த label.png கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறேன். புதிய சட்டியில் போடும்போது காலாவதித் தேதி மாறும். அப்போது லேபிள் அச்சுக் கோப்பிலிருந்து புதுத் தேதியை மட்டும் அதில் மாற்றி, கடைசிக் கட்டளையை மறுபடி ஓட்டினால் போதும். அரை மணி நேரம் கார்டு சூடாக வேண்டியதில்லை, சில விநாடியில் புதிய கிளிப் வந்துவிடுகிறது.